உங்களுக்குத் தெரியுமா? கற்பனை எண்களுக்குள்ளிருந்து மெய்யான விடை

1922இல் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே செலுத்தினார்கள். கற்றை இரண்டாகப் பிரிந்தது. தற்சுழற்சியை எந்தத் திசையில் அளந்தாலும் கிடைப்பது +ħ/2 அல்லது −ħ/2 மட்டுமே. ஆனால் y திசைக்கான அணியைப் பாருங்கள், முழுக்கக் கற்பனை எண்கள்:

S = (ħ/2) [0 −i ; i 0]

மூலைவிட்டத்தின் இருபுறமும் உள்ள −i, i இரண்டும் ஒன்றுக்கொன்று இணைக் கலப்பெண்கள். இதுவே ஹெர்மீஷியன் பண்பு. அடைப்புக்குள் உள்ள அணிக்கு λ² = (−i)(i) = 1; ஐகன் மதிப்புகள் ±1, மெய்யெண்கள். −i இருக்குமிடத்தில் i வைத்தால் λ² = −1 ஆகிவிடும்; எந்தக் கருவியும் அப்படியொரு அளவைக் காட்டாது.

மெய்யெண் கிடைத்தால் மட்டும் போதாது. மேல் கற்றையை மட்டும் அதே திசையில் வைத்த இரண்டாம் கருவிக்குள் அனுப்பினால், ஓர் அணுகூடக் கீழே இறங்கக் கூடாது. அதற்கு இரு ஐகன்நிலைகளும் செங்குத்தாக இருக்க வேண்டும். இங்கே (1, i), (1, −i) ஆகியவற்றின் உட்பெருக்கம் 1 − 1 = 0.