பொடிக்கு ஒரு பெயர்: டிரேட்மார்க் எதைக் காக்கும், எதைக் காக்காது?

வீட்டில் இட்லிப்பொடி இடித்து விற்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ‘பாட்டி கைமணம்’, ‘கிராமத்து ருசி’ என்பதுபோன்ற பெயர்களையே தேடுகிறார்கள். பாக்கெட்டைப் பார்த்ததுமே உள்ளே இருப்பது எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். விற்பனைக்கு அது உதவலாம். டிரேட்மார்க் பதிவுக்குப் போகும்போது அந்தப் பெயரே தடையாகிறது.

பொருளின் தரத்தையும் தன்மையையும் வர்ணிக்கிற சொற்கள் எல்லா வியாபாரிகளுக்கும் பொது. அவற்றை ஒருவருக்கு மட்டும் எழுதிக்கொடுக்க 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டம் எளிதில் இடம் தராது. பெரிய நிறுவனங்களும் இதில் தோற்றிருக்கின்றன. ஐடிசி தன் யிப்பீ நூடுல்ஸில் ‘மேஜிக் மசாலா’ என்று போட்டிருந்தது. நெஸ்லே தன் மேகியில் ‘மேஜிக்கல் மசாலா’ என்று போட்டதும், சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ‘மேஜிக்’ என்பது புகழ்ச்சிச் சொல், ‘மசாலா’ எல்லோரும் புழங்கும் சொல், இரண்டையும் யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது என்று 2020இல் தீர்ப்பாயிற்று.

ஆகவே பொடியோடு சம்பந்தமே இல்லாத பெயர்தான் வலுவான பெயர். உதாரணத்துக்கு, ‘தூக்கணாங்குருவி’ என்று வைப்பதாகக் கொள்வோம். ipindia.gov.in தளத்தில் அதே பெயரோ, அதேபோல ஒலிக்கும் பெயரோ ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். எழுத்து வேறாக இருந்தாலும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்டால் ஆட்சேபம் வரும். பிறகு டிஎம்-ஏ படிவத்தில் விண்ணப்பம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பொடியும் மசாலாவும் 30ஆம் வகுப்பு, ஊறுகாய் 29ஆம் வகுப்பு. இரண்டையும் விற்பவர் இரண்டு வகுப்புக்கும் கட்ட வேண்டும்.

அலுவலகம் பரிசீலித்து ஆட்சேபம் எழுப்பினால், அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பலருடைய விண்ணப்பம் கைவிடப்பட்டதாகப் போவது இந்தக் கெடுவைத் தவறவிட்டதால்தான். ஏற்கப்பட்ட பெயர் டிரேட்மார்க் இதழில் வெளியாகும். அதிலிருந்து நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்கலாம். எதிர்ப்பில்லையென்றால் பதிவு. விண்ணப்பித்த தேதியிலிருந்து பத்தாண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவாகும்வரை ‘டிஎம்’ குறி போடலாம். ® போடக்கூடாது, அது சட்டப்படி தவறு.

இங்கே ஒரு விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். ‘பாட்டி கைமணம்’ பதிவாகாது என்று தெரிந்ததும், பாட்டி படமும் உரலும் வரைந்து லோகோவாகப் போடச் சொல்வார்கள். அது பதிவாகவும் கூடும். ஆனால் அப்போது கிடைப்பது அந்த முழுச் சித்திரத்தின் மீதான உரிமை மட்டுமே. அதிலுள்ள பொதுச் சொற்கள் தனியாக உங்களுடையவை ஆகிவிடாது. அடுத்த தெருவில் வேறொருவர் வேறு படத்தோடு ‘கைமணம்’ என்று விற்றால், சான்றிதழைக் காட்டித் தடுப்பது கடினம். தனித்துவமான பெயர் இருந்தால், அதை வெறும் எழுத்தாகவே முதலில் பதிவு செய்யுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

பெயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பதிவு உங்கள் பொடியின் பக்குவத்தைக் காக்காது. எள்ளும் பூண்டும் எந்த அளவு என்று கண்டுபிடித்து, வேறு பெயரில் ஒருவர் அதே ருசியில் விற்கலாம். பக்குவத்தை ரகசியமாக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. ஊர்ப்பெயரும் அப்படித்தான். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் அவ்வூர் உற்பத்தியாளர்கள் எல்லோருக்குமான சொத்து, ஒரு கடைக்கு மட்டும் வராது. பதிவின் எல்லையும் இந்தியாவோடு முடிகிறது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அனுப்பினால் அங்கே தனியாகப் பாதுகாப்புப் பெற வேண்டும்.

எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம், ஜிஎஸ்டி எண் இவை இருந்தாலே பெயர் நம்முடையது என்று நினைப்பவர்கள் உண்டு. அவை தொழில் நடத்தவும் வரி கட்டவும் மட்டுமே.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, யார் முதலில் பயன்படுத்தினார் என்பது. உங்களுக்கு முன்பிருந்தே சேலத்தில் ஒருவர் ‘தூக்கணாங்குருவி’ என்ற பெயரில் தொடர்ந்து பொடி விற்றுவந்தால், உங்கள் பதிவைக் காட்டி அவரை நிறுத்த முடியாது. நீங்களே முந்தியவர் என்றால், அதை நிரூபிக்கத் தேதி போட்ட பில்லும், லேபிள் அச்சடித்த ரசீதும், விளம்பர நறுக்கும் வேண்டும். முதல் பாக்கெட் விற்ற நாளிலிருந்தே அவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.