'நான் சொல்றேன், செய்யுங்க' எடுபடாத இடத்தில் ப்ராஜெக்ட் மேனேஜருக்கு எது பவர்?

சேரப்பணஞ்சேரியை ஒட்டிய ஒரகடம் பகுதியில் வாகன உதிரிபாக ஆலைகள் அதிகம். அப்படி ஓர் ஆலையின் ப்ராஜெக்ட் மேனேஜர், புதிய பிளாஸ்டிக் பாகத்தின் சாம்பிளை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும் என வைத்துக்கொள்வோம். மோல்டைச் சரிசெய்ய வேண்டிய டூல் ரூம் அவருக்குக் கீழே இல்லை. இன்க்ரிமென்ட் போடுவதும் அவர் கையில் இல்லை. அப்போ வேலை எப்படி நடக்கும்?

5 வகை பவர்

உளவியலாளர்கள் ஃபிரெஞ்ச், ரேவன் 1959-ல் சொன்னவை: பதவி, வெகுமதி, தண்டனை, நிபுணத்துவம், நன்மதிப்பு. முதல் மூன்றை நிர்வாகம் தரும். கடைசி இரண்டை நாமேதான் சம்பாதிக்கணும்.

மிரட்டினால்?

"ஜி.எம்.கிட்ட சொல்லிடுவேன்" என்றால் ஒருமுறை வேலை நடக்கலாம். அடுத்த முறை "முடிஞ்சிரும் சார்" என்ற பதில் மட்டும் வரும். பிரச்னை கடைசி நாளில்தான் தெரியும்.

எது கைகொடுக்கும்?

பாகத்தோடு நேரில் போய், "அண்ணே, இந்த ஓரத்துல பிசிறு வருது. திங்கட்கிழமை கஸ்டமர் லைன்ல கிளிப் உட்காராது. எதை முதல்ல பார்க்கலாம்?" என்று கேட்பது. காரணம் புரிகிறது, அனுபவத்துக்கும் மரியாதை கிடைக்கிறது. ட்ரையலுக்கு மெஷினை அவரே பேசி வாங்கித் தந்தால், அடுத்த முறையும் உதவி கிடைக்கும்.

ப்ராஜெக்ட் மேனேஜர்கள் பற்றி கெம்மில், தம்ஹைன் 1974-ல் வெளியிட்ட ஆய்வும், அதிகாரத்தைவிட நிபுணத்துவமும் சவாலான வேலையுமே நல்ல பலன் தருவதாகக் கண்டது.

எல்லை எது?

ஒரே மெஷினுக்கு இரண்டு ப்ராஜெக்ட் மோதினால் நன்மதிப்பு போதாது. அப்போது டூல் ரூம் மேலாளரையும் அழைத்துக்கொண்டு, எது தாமதமானால் என்ன நஷ்டம் என்ற கணக்கோடு ஆலைத் தலைவரிடம் போக வேண்டும்.