10 லட்சம் டவுன்லோடு யாருடையது?

ஆண்ட்ராய்டு டெவலப்பரின் ரெஸ்யூமேயில் "10 லட்சம்+ டவுன்லோடு, 4.3 ரேட்டிங்" என்ற வரி தவறாமல் இருக்கும். நேர்காணலில் அவரை மாட்டிவிடுவதும் பெரும்பாலும் அதுதான். அந்த எண்கள் செயலிக்குச் சொந்தம்; அதில் இவர் என்ன செய்தார் என்பதை அவை சொல்வதில்லை. பிளே ஸ்டோர் காட்டுவது துல்லியக் கணக்கும் அல்ல. 10 லட்சம்+ என்றால் 10 லட்சத்துக்கும் 50 லட்சத்துக்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம். நிறுவிய மறுநாளே நீக்கியவர்களும் அதில் அடக்கம். ரேட்டிங்கோ 2021 நவம்பர் முதல் பார்ப்பவரின் நாட்டைப் பொறுத்து மாறுகிறது. சென்னையில் 4.3 என்று பார்த்து எழுதியதை சிங்கப்பூர் மேலாளர் 3.8 என்று பார்க்க நேர்ந்தால், உண்மை எழுதியவர்மீதே சந்தேகம் விழும். எந்த நாட்டுப் பக்கத்தில், எந்த மாதம் பார்த்த எண் என்று பக்கத்திலேயே குறித்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

"பெரிய எண் இல்லாவிட்டால் எச்.ஆர். கூப்பிடவே மாட்டாரே?" என்பார்கள். நியாயம்தான்; எண் இருக்கட்டும், அதன் கீழே உங்கள் பங்கும் இருக்கட்டும். ஐந்து பேர் சேர்ந்து செய்த பஸ் டிக்கெட் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். "ரூம், ரெட்ரோஃபிட், ஒர்க்மேனேஜர் தெரியும்" என்று லைப்ரரிகளை அடுக்கினால் யாருக்கும் எதுவும் புரியாது. "நெட் இல்லாதபோதும் டிக்கெட் திறக்க, ரூமில் சேமிக்கும் பகுதியை நான் எழுதினேன், ஒர்க்மேனேஜர் வழி சர்வரோடு ஒத்திசைப்பதை இன்னொருவரோடு சேர்ந்து செய்தேன், பணம் செலுத்தும் பகுதியில் எனக்குப் பங்கில்லை" என்று எழுதினால் அடுத்த கேள்வி உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே வரும். கமிட் எண்ணிக்கையை மட்டும் சான்றாகக் காட்டாதீர்கள். ஸ்குவாஷ் செய்து இணைக்கும் குழுவில் இரண்டு வார வேலை ஒரே கமிட்டாகச் சுருங்கும். ஃபார்மேட்டை மாற்றியவர் பெயரிலோ நூறு இருக்கும்.

நிறுவனத்தின் நிரலைப் பற்றிப் பேச உரிமை உண்டா? 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, ஊழியர் பணியின்போது எழுதிய நிரலுக்கு முதல் உரிமையாளர் நிறுவனமே. ஆனால் உரிமை கைமாறிய பிறகும் "இதை எழுதியவன் நான்" என்று கோரும் உரிமையை 57ஆம் பிரிவு ஆசிரியருக்குத் தருகிறது. அதற்காக அந்த நிரலைப் பொது ரெப்போவில் ஏற்றிக் காட்ட முடியாது; பிளே கன்சோலின் உள்கணக்கு ஸ்கிரீன்ஷாட்டும் அப்படியே. ரகசிய ஒப்பந்தம் வாடிக்கையாளர் பெயரைச் சொல்லத் தடுத்தால், "தனியார் வங்கி ஒன்றின் செயலி" என்று எழுதி வேலையை மட்டும் விவரியுங்கள். ஃப்ரீலான்சர் நிலை வேறு: எழுத்துபூர்வமாக மாற்றித் தராதவரை நிரல் பொதுவாக அவருடையதே. ஆகவே மாற்றித் தரும்போது, ரெஸ்யூமேயில் காட்டும் அனுமதியை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகக் கேட்டு வாங்கலாம்.

வேலையை விட்ட அன்றே ரெப்போ அணுகல் போய்விடும். செயலியும் ஒருநாள் ஸ்டோரிலிருந்து நீக்கப்படலாம். ஆகவே ராஜினாமா கொடுத்த வாரத்திலேயே செய்த வேலைகளைக் குறித்துவைத்து, அனுபவச் சான்றிதழில் செயலியின் பெயரையும் உங்கள் பொறுப்பையும் சேர்க்கும்படி மின்னஞ்சலில் கேளுங்கள்.