விளக்கு பக்கத்தில் இருந்தால் பாடம் தப்பு

கோடை ஏன் வருகிறது என்று காட்ட ஒரு குளோப்பும் ஒரு பல்பும் போதும். பல்பை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல்.

உஜ்ஜயினியின் ஓர் அரசுப் பள்ளி. டிசம்பர் மாதக் காலை. ஆறாம் வகுப்பின் ஜன்னல்களைப் பழைய கம்பளிகள் மறைத்திருக்கின்றன. கோட்டா கல் பதித்த தரையின் நடுவே ஒரு ஸ்டூல், அதன்மேல் ஒரு குண்டு பல்பு. "இப்போது கடையில் கிடைக்கும் எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. அதன் வெளிச்சம் தலைப்பக்கமாகவே போகிறது, அடிப்பக்கம் இருட்டு. இது வீட்டுப் பரணில் கிடந்த பழைய இழை பல்பு. இரண்டுதான் பாக்கி" என்கிறார் பூகோள ஆசிரியை. மாணவர்களுக்கு அவர் வெறும் 'மேடம்'. தன் பெயர் வேண்டாம் என்றார். காரணத்தையும் அவரே சொன்னார்: "பத்து வருஷத்துக்கும் மேல் இந்தப் பாடத்தைத் தப்பாக நடத்தியிருக்கிறேன்."

தப்பு பாடப் புத்தகத்தில் இல்லை. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால்தான் பருவங்கள் மாறுகின்றன என்று அதில் தெளிவாகவே அச்சாகியிருக்கிறது. அவரும் அதைத்தான் சொன்னார். கூடவே குளோப்பை விளக்கின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பாடம் முடிந்து எழுதச் சொன்னால் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதியது இது: 'ஜூன் மாதத்தில் நாம் சூரியனுக்குப் பக்கத்தில் போகிறோம், அதனால் வெயில்.' பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று வெகுநாள் நினைத்திருந்தார் அவர். ஒரு மாணவி குளோப்பைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. "பாருங்கள் மேடம், வடக்குப் பக்கம் விளக்குக்குக் கிட்டே வந்துவிட்டது!" அவள் கண்ணால் கண்டதைச் சொன்னாள். கண்டதும் உண்மைதான்.

கணக்குப் போட்டால் தெரியும். பள்ளிக்கூட குளோப்பின் குறுக்களவு 30 செ.மீ. அந்தச் சாய்மானத்தில் வட துருவம் தென் துருவத்தைவிட 12 செ.மீ. விளக்குக்கு அருகில் வருகிறது. விளக்கு ஒரு மீட்டரில் இருந்தால் அது பெரிய வித்தியாசம். விளக்கு நோக்கிய முனையில் கை வைத்தால் சூடு அதிகமாகவே உறைக்கும். நிஜ பூமியிலோ அந்தச் சாய்மானம் தரும் நெருக்கம் சுமார் 5,000 கி.மீ.தான். சூரியன் இருப்பது 15 கோடி கி.மீ. தூரத்தில். முப்பதாயிரத்தில் ஒரு பங்கு நெருங்கி வந்தால் யாருக்கு வியர்க்கும்? அளவு மாறாமல் வைப்பதென்றால், இந்த 30 செ.மீ. குளோப்புக்கான விளக்கு மூன்றரை கி.மீ. தள்ளி நிற்க வேண்டும். விளக்கும் 33 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். வகுப்பறையில் அது நடக்கிற காரியமா?

பெரிய படிப்பு படித்தவர்களுக்கும் இதில் தடுமாற்றம்தான். 1987-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆவணப்படத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்கு வந்தவர்களிடம் பருவங்களைப் பற்றியோ நிலவின் பிறைகளைப் பற்றியோ கேட்டார்கள். 23 பேரில் 21 பேரின் விளக்கம் தவறு. பருவங்களைப் பற்றிக் கேட்கப்பட்டவர்கள் நம்பிக்கையோடு சொன்னதும் நம் உஜ்ஜயினி மாணவியின் பதில்தான்.

மேடம் இப்போது பாடத்தை ஒரு கேள்வியோடு தொடங்குகிறார். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது எந்த மாதம்? வகுப்பே "மே!" என்கிறது. விடை ஜனவரி முதல் வாரம். அப்போது தூரம் 14.7 கோடி கி.மீ., ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கும் நாட்களில்தான் நாம் ஐம்பது லட்சம் கி.மீ. கிட்டே இருக்கிறோம். அந்த நெருக்கத்தால் பூமிக்குச் சுமார் 7 சதவீதம் கூடுதல் வெளிச்சமும் கிடைக்கிறது. இருந்தும் குளிர்கிறது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதி நடை. குளோப்பைக் கையில் ஏந்திக்கொண்டு விளக்கைச் சுற்றும்போது நேரும் வழக்கமான விபத்து ஒன்று உண்டு. நடப்பவர் திரும்பத் திரும்ப, ஸ்டாண்டும் கூடவே திரும்புகிறது. அச்சு எப்போதும் விளக்கையே பார்க்கிறது. வருஷம் முழுக்கக் கோடை! முதலில் மேடம் சுவரில் காகித நட்சத்திரம் ஒன்றை ஒட்டி, துருவ நட்சத்திரம் என்று பெயரிட்டு, அச்சு எப்போதும் அதையே பார்க்கட்டும் என்றார். அதுவும் சரிவரவில்லை. சின்ன அறையில் நட்சத்திரம் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, ஒவ்வொரு இடத்திலிருந்தும் அது வேறு திசையில் தெரிகிறது. கடைசியில் கைகொடுத்தது கோட்டா கல். ஸ்டாண்டின் பாதத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அந்தக் கோடு எந்த இடத்திலும் தரைக் கற்களின் இணைப்புக்கு இணையாகவே இருக்க வேண்டும். நடப்பவர் விளக்குக்கு முகம் காட்டினாலும் முதுகு காட்டினாலும் குளோப் திரும்பக் கூடாது. இதைச் செய்து பார்த்தால் தெரியும், எவ்வளவு கடினமென்று. நான் முதல் முயற்சியிலேயே கால் வட்டத்தில் தோற்றேன்.

இப்படிச் சுற்றும்போது ஓரிடத்தில் வட முனை விளக்கின் பக்கம் சாய்கிறது, அது ஜூன். நேர் எதிரே போனால் அதே முனை விலகிச் சாய்கிறது, அது டிசம்பர். இடையிலுள்ள இரண்டு இடங்களில் அச்சு பக்கவாட்டில் நிற்கிறது. சாய்வு மாறவே இல்லை என்பதை ஸ்டாண்டில் கைவைத்துப் பிள்ளைகளே உறுதி செய்கிறார்கள்.

பிறகு தீக்குச்சி. ஒரு செ.மீ. துண்டு, உஜ்ஜயினி இருக்கும் இடத்தில் களிமண்ணால் நட்டது. ஜூன் இடத்தில் குளோப்பை மெல்லச் சுழற்றினால், உஜ்ஜயினி விளக்குக்கு நேராக வரும்போது நிழல் குச்சியின் காலடியில் ஒளிந்துகொள்கிறது. டிசம்பர் இடத்தில் அதே நண்பகலில் நிழல் குச்சியைவிட நீளமாக வடக்கே விழுகிறது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. ராஜா ஜெய்சிங் கட்டிய வேதசாலை இங்கே இருக்கிறது. கடக ரேகை அருகிலேயே போவதால், ஆண்டுதோறும் ஜூன் 21 நண்பகலில் அங்குள்ள சங்கு யந்திரத்தின் நிழல் மறைவதைப் பார்க்கக் கூட்டம் கூடும்.

நிழல் நீண்டால் ஏன் குளிர வேண்டும்? இதற்கு டார்ச் விளக்கும் கட்டம் போட்ட தாளும். அட்டைக் குழாய் வழியே நேராக அடித்த வெளிச்சம் 40 கட்டங்களை மூடியது. உஜ்ஜயினியில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் அடிவானிலிருந்து 43 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அந்தக் கோணத்துக்கு டார்ச்சைச் சாய்த்ததும் வெளிச்சம் நீள்வட்டமாகி 58 கட்டங்களைத் தொட்டது. அதே டார்ச், அதே வெளிச்சம். ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது முன்பைவிட மூன்றில் இரண்டு பங்குதான். "ஒரே கரண்டி நெய்யைப் பெரிய பாஃப்லாவில் தடவுகிற மாதிரி" என்றான் பின் வரிசைப் பையன். மாள்வா ஊர்ப் பிள்ளை, வேறு எதைச் சொல்வான்?

நான் பார்த்த வகுப்பின் சுவாரசியமான சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது. பகல் நீளத்தை எண்ணும் நேரம். குளோப்பில் 15 டிகிரிக்கு ஒன்றாகத் தீர்க்க ரேகைகள். இரண்டு ரேகைகளின் இடைவெளி ஒரு மணி நேரம். உஜ்ஜயினியின் அட்சத்தில் எத்தனை இடைவெளிகள் வெளிச்சத்தில் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். விளக்கு ஒரு மீட்டரில். ஜூன் இடத்தில் எண்ணினால் 12, டிசம்பரில் 9. "ஜூனில் பகல் பதிமூன்றரை மணி என்று எழுதிப் போட்டீர்களே மேடம், மீதி ஒன்றரை மணி எங்கே?" என்று ஒரு பெண் விடவில்லை.

பழைய மேடமாக இருந்தால் தோராயம் என்று சொல்லி நகர்ந்திருப்பார். இப்போது எல்லோரையும் ஸ்டூலோடு நீள வராந்தாவின் மூடிய கோடிக்கு அழைத்துப் போனார். விளக்கு மூன்று மீட்டருக்கு நகர்ந்தது. எண்ணிக்கை ஜூனில் 13, டிசம்பரில் 10. விளக்கு பக்கத்தில் இருந்தால் அதன் ஒளி உருண்டையின் சரிபாதியைத் தொடுவதில்லை. தோள்பட்டை வரைதான் போகிறது, பின்புறச் சரிவு இருட்டிலேயே கிடக்கிறது. தள்ளிப் போகப் போக ஒளி சரிபாதியை நெருங்குகிறது. மிகத் தொலைவிலுள்ள சூரியனுக்கு, ஜூன் 21-இல் பதின்மூன்றரை மணியும் டிசம்பர் 21-இல் பத்தே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவாகவும் கணக்கு வருகிறது. வடக்கு 'கிட்டே வந்துவிட்ட' மாயமும் மூன்று மீட்டரில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. சுற்றி நடப்பதற்கு ஒரு மீட்டர், எண்ணுவதற்கும் சூட்டைப் பற்றிப் பேசுவதற்கும் மூன்று மீட்டர் என்று மேடம் இப்போது பாடத்தையே இரண்டாகப் பிரித்துவிட்டார்.

விளக்கும் குளோப்பும் சொல்லாதவையும் உண்டு. ஜூன் 21-இல் சூரியன் உச்சந்தலையில் இருக்க, உஜ்ஜயினி அதிகம் வேகும் மாதம் மே. ஜூன் பிற்பாதியில் பருவமழை மேகம் வந்து கூரை போட்டுவிடுகிறது. பல்புக்கும் குளோப்புக்கும் நடுவே மேகம் கிடையாது. தெற்கே போனால் கதையே வேறு. சென்னையில் சூரியன் ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் பிற்பாதியிலுமாக வருஷத்தில் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணிதான். புத்தகம் சொல்லும் நான்கு பருவங்களை அங்கே தேடுவது வீண். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பெரும்பொழுதை ஆறாகப் பிரித்த தமிழ் இலக்கணத்தார் மழைக்கும் பனிக்கும் பங்கு கொடுத்ததில் வியப்பில்லை. இங்கும் பிள்ளைகள் ஆறு ரிதுக்களை மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

பன்னிரண்டு மணி தாண்டியதும் வகுப்பு முற்றத்துக்கு வந்தது. ஒரு மீட்டர் கம்பி, தூக்குநூல் பிடித்து நேராக நட்டது. இந்த ஊருக்கு நண்பகல் கடிகாரப்படி 12.25 வாக்கில்தான் வருகிறது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை நிழல் நுனியில் சாக்பீஸ் புள்ளி. மிகக் குறுகிய நிழல் 105 செ.மீ. கணக்குப்படி 106. முற்றம் கொஞ்சம் சரிவு என்று சமாதானம் சொன்னார்கள்.

"ஜூன் 21-இல் மேகம் வந்துவிட்டால் நிழல் மறைவதை எப்படிப் பார்ப்பது?" என்றாள் அதே விடாக்கண்டப் பெண்.

"அன்றைக்கே பார்க்க வேண்டுமென்று யார் சொன்னது, பேட்டா? நம் ஊர் கடக ரேகைக்குக் கால் டிகிரி தெற்கே இருக்கிறது. சூரியன் சரியாக நம் தலைக்கு மேல் வருவது ஜூன் 12, 13 வாக்கில் ஒரு முறை, திரும்பும்போது மாதக் கடைசியில் ஒரு முறை. 21-ஆம் தேதி அது நம்மைத் தாண்டி வடக்கே போயிருக்கும். இந்தக் கம்பிக்கு அன்று அரை செ.மீ.க்கும் குறைவாக நிழல் விழும், தெற்குப் பக்கம்."

அவள் கம்பியின் தெற்குப் பக்கம் குனிந்து, அரை செ.மீ. அளந்து ஒரு கோடு போட்டு வைத்தாள்.