எழுத்துத் தேர்வு சனி... பேச்சுத் தேர்வு புதன்! ஐ.இ.எல்.டி.எஸ். ஸ்பீக்கிங்கில் நடப்பது என்ன?

திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிரிட்டன் போக வேண்டும். அதற்கு ஐ.இ.எல்.டி.எஸ். எழுத சென்னையில் ஒரு சனிக்கிழமைக்குப் பதிவு செய்துவிட்டார். வெள்ளி இரவு பஸ், சனி இரவு திரும்பும் பஸ் என இரண்டு டிக்கெட்டும் ரெடி. அப்புறம்தான் மெயிலைத் திறந்து பார்க்கிறார். லிசனிங், ரீடிங், ரைட்டிங் மூன்றும் சனிக்கிழமை. ஸ்பீக்கிங் மட்டும் அடுத்த புதன், பிற்பகல் 2.20 மணி.

இதில் தவறு எதுவும் இல்லை. ஐ.இ.எல்.டி.எஸ். விதியே அப்படித்தான். முதல் மூன்று பகுதிகளும் ஒரே நாளில், இடைவேளை இல்லாமல் அடுத்தடுத்து நடக்கும். ஸ்பீக்கிங் அதே நாளில் இருக்கலாம். அல்லது அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்போ, ஒரு வாரம் பின்போ கூட வரலாம்.

ஏன் இப்படி? கணக்கு எளிது. ஒரு ஹாலில் நூறு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து எழுதிவிடலாம். ஆனால், ஸ்பீக்கிங்கில் ஒரு தேர்வாளருக்கு எதிரே ஒரே ஒருவர்தான். பேச்சு 11 முதல் 14 நிமிடம். அடையாளம் சரிபார்ப்பது, மதிப்பெண் போடுவது எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம். நூறு பேரை ஒரே நாளில் முடிக்க எத்தனை தேர்வாளர்கள் வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அதனால்தான் கூட்டம் அதிகமுள்ள தேதிகளில் பேச்சு மட்டும் தள்ளிப்போகிறது.

கம்ப்யூட்டரில் எழுதுபவர்களுக்குப் பெரும்பாலும் அதே நாளிலோ, முன்பின் நாளிலோ முடிந்துவிடும். பதிவு செய்யும்போதே ஸ்பீக்கிங் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் பல மையங்களில் உண்டு. வெளியூரிலிருந்து வருபவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு முறை பஸ் ஏறுவதும், ட்யூட்டியில் இன்னொரு நாள் லீவு கேட்பதும் அப்போதுதான் தவிர்க்கப்படும். சனிக்கிழமை நன்றாக எழுதிவிட்டு, புதன்கிழமை போகாமல் விட்டால் மொத்தத் தேர்வும் வீணாகிவிடலாம். நான்கு பகுதிகளும் சேர்ந்ததுதான் ஒரு தேர்வு.

இரண்டு நாளாகப் பிரியும்போது பலர் மறப்பது பாஸ்போர்ட்டை. பதிவில் எந்த பாஸ்போர்ட் எண் கொடுத்தீர்களோ, அதே பாஸ்போர்ட் ஸ்பீக்கிங் அன்றும் கையில் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் செல்லாது. ‘எழுத்துத் தேர்வுதான் முடிஞ்சுடுச்சே’ என்று நடுவில் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டால், வாசலிலேயே சிக்கல்.

அறைக்குள் என்ன நடக்கும்?

போன், வாட்ச் எல்லாம் வெளியே. உள்ளே ஒரு மேஜை, எதிரே தேர்வாளர், நடுவில் ரெக்கார்டர். சில மையங்களில் தேர்வாளர் வேறு ஊரில் இருப்பார். நீங்கள் மையத்துக்கே வந்து, திரையில் வீடியோ காலில் அவரோடு பேச வேண்டும். கேள்விகளும் மதிப்பெண் முறையும் இரண்டிலும் ஒன்றுதான்.

தேர்வாளர் ரெக்கார்டரை ஓடவிட்டு, உங்கள் பெயரைக் கேட்டு, அடையாள அட்டையைப் பார்ப்பார். முதல் நான்கைந்து நிமிடம் ஊர், வேலை, படிப்பு என்று எளிய கேள்விகள். அடுத்து கையில் ஒரு அட்டை வரும். அதிலுள்ள தலைப்பைப் பற்றி யோசிக்க ஒரு நிமிடம். பென்சிலும் தாளும் தருவார்கள். பிறகு ஒன்று முதல் இரண்டு நிமிடம் நீங்களே தொடர்ந்து பேச வேண்டும். கடைசி நான்கைந்து நிமிடம் அதே தலைப்பை ஒட்டிய கலந்துரையாடல்.

இங்கே நிறைய பேர் பயந்துபோகிற இடம் ஒன்று உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே தேர்வாளர் குறுக்கிட்டு நிறுத்துவார். ‘தப்பா பேசிட்டோமோ’ என்று மனசு அடித்துக்கொள்ளும். அவர் நிறுத்துவது கடிகாரத்தைப் பார்த்துத்தான். ஒவ்வொரு பகுதிக்கும் நேர வரம்பு உண்டு, அதை அவர் மீறக் கூடாது. அதேபோல் அவர் சிரிக்காமல் இருப்பதற்கும், ‘குட்’ என்று சொல்லாமல் இருப்பதற்கும் அர்த்தம் தேட வேண்டாம். எப்படிப் பேசினீர்கள் என்று சொல்ல அவருக்கு அனுமதி இல்லை.

பதிவு எதற்கு?

பேச்சைத் தேர்வாளரே நேரில் கேட்டு மதிப்பெண் போட்டுவிடுகிறார். பதிவு அதற்குப் பிறகான சரிபார்ப்புக்கு. ஒருவருடைய ஸ்பீக்கிங் மதிப்பெண் மற்ற பகுதிகளோடு ஒட்டாமல் ரொம்பவே விலகி இருந்தால், இன்னொரு தேர்வாளர் அந்தப் பதிவைக் கேட்டு மதிப்பிடுவது உண்டு. தேர்வாளர்கள் சரியாக மதிப்பிடுகிறார்களா என்று கண்காணிக்கவும் இந்தப் பதிவுகள் பயன்படுகின்றன. ஆனால், தேர்வு எழுதியவர் கேட்டால் அதன் நகல் கிடைக்காது.

இப்போது நம் நர்ஸுக்கு முடிவு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லிசனிங் 7.5, ரீடிங் 7, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 6.5. கூட்டினால் 27.5, நான்கால் வகுத்தால் 6.875. அதை முழுமையாக்கி மொத்த பேண்டு 7 என்று சான்றிதழில் வரும். வீட்டில் இனிப்பு கூட வாங்கிவிடுவார்கள். ஆனால், பிரிட்டனின் நர்ஸிங் கவுன்சில் மொத்தம் 7 கேட்பதோடு நிற்பதில்லை. ரைட்டிங்கில் மட்டும் 6.5 போதும், மற்ற மூன்றிலும் தனித்தனியாக 7 வேண்டும் என்கிறது. ஸ்பீக்கிங்கில் அரை பேண்டு குறைவு. அங்கேதான் எல்லாம் நிற்கிறது.

அந்த அரை எங்கே போனது? ஸ்பீக்கிங் மதிப்பெண் நான்கு அளவுகோல்களின் சராசரி: தடையில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. முதலாவதுக்கும் கடைசிக்கும் 7, நடுவில் இரண்டுக்கும் 6 என்றால் கூட்டுத்தொகை 26, சராசரி 6.5. சரளமாகப் பேசி, உச்சரிப்பும் தெளிவாக இருந்தும் 7 வராமல் போவது இப்படித்தான். இந்தப் பிரிவுக் கணக்கு சான்றிதழில் அச்சாகாது என்பது கூடுதல் எரிச்சல்.

இந்த இடத்தில்தான் அந்த ரெக்கார்டிங் அவருக்குப் பயன்படும். மறுமதிப்பீடு கேட்டு விண்ணப்பித்தால், மூத்த தேர்வாளர் ஒருவர் பதிவை முதலிலிருந்து கேட்டு மதிப்பெண் போடுவார். பழைய மதிப்பெண் என்ன என்பது அவருக்குத் தெரியாது. ஸ்பீக்கிங்கை மட்டும் மறுமதிப்பீட்டுக்குக் கொடுக்கலாம். நான்கையும் கொடுக்கத் தேவையில்லை. கட்டணம் உண்டு. மதிப்பெண் மாறினால் அந்தப் பணம் திரும்பி வரும்.

பேசும்போது எங்கெங்கே தடுமாறினோம் என்று நன்றாக நினைவிருந்தால், பணம் கட்டுமுன் யோசிப்பது நல்லது. பதிவில் அந்தத் தடுமாற்றமும் அப்படியே இருக்கும். கம்ப்யூட்டரில் எழுதியவர்களுக்கு இன்னொரு வழி, குறைந்த அந்த ஒரு பகுதியை மட்டும் 60 நாள்களுக்குள் திரும்ப எழுதுவது. அந்தச் சான்றிதழை எல்லா நாடுகளும் நிறுவனங்களும் ஏற்பதில்லை. நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தில் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.

மறுமதிப்பீடு கேட்க ஆறு வாரம்தான் அவகாசம். கோச்சிங் சென்டரில் கேட்டு, ஏஜென்டிடம் கேட்டு, வீட்டில் பேசி முடிப்பதற்குள் அது ஓடிவிடும். முடிவு வந்த அன்றே கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துவிடுங்கள்.