இருபதாயிரத்தில் ஒரு பருப்பு: மல்லாட்டை நஞ்சை எங்கே பிடிப்பது?

திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமானாலும் சரி, விழுப்புரம் கூடமானாலும் சரி, மல்லாட்டை வாங்க வருபவர் காயைக் காதோரம் வைத்துக் குலுக்குவார். நாலு காயை உடைத்துப் பருப்பை விரலால் தேய்ப்பார். ஒன்றை வாயில் போட்டுக் கடிப்பார். குலுங்கினால் காய்ந்த காய், தோல் உரிந்தால் நல்ல பருப்பு. அனுபவசாலியின் கை பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. ஆனால் இதெல்லாம் விலைக்கான சோதனை. கடலை மிட்டாய் போடும் சிறு கூடத்துக்கு அதே மூட்டை போகும்போது அங்கே வேறொரு கேள்வி எழுகிறது. கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத நஞ்சு அதில் இருக்கிறதா?

அந்த நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்ஸின். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பச்சை மஞ்சள் பூஞ்சணமும் அதன் சில உறவுப் பூஞ்சணங்களும் இதை உண்டாக்குகின்றன. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கைத் துருவிப் பார்த்தபோதுதான் இது உலகுக்குத் தெரிய வந்தது. இது ஈரலைத் தாக்கும். நீண்ட நாள் உள்ளே போனால் ஈரல் புற்றுநோய்க்கு வழி செய்யும். நேரடியாக உண்ணும் கடலையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், மேலும் பதப்படுத்தப் போகும் கடலையில் 15 மைக்ரோகிராம் என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்ததில் ஒரு பங்கு.

'ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டால் போச்சு' என்று தோன்றும். இங்கேதான் கணக்கு உதைக்கிறது. இந்த நஞ்சு மூட்டை முழுவதும் சமமாகப் பரவி இருப்பதில்லை. பெரும்பாலான பருப்புகளில் ஒன்றுமே இருக்காது, எங்கோ ஒன்றிரண்டில் குவிந்து கிடக்கும். அரை கிராம் எடையுள்ள ஒரு கெட்ட பருப்பில் 100 மைக்ரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதைவிடப் பல மடங்கு கொண்ட ஒற்றைப் பருப்புகளையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த ஒன்று 10 கிலோவில் கலந்தாலே கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வந்துவிடும். 10 கிலோவில் ஏறத்தாழ 20,000 பருப்பு இருக்கும். சோதனைக்கு 100 கிராம் அள்ளினால் 200 பருப்பு வரும். அந்த ஒன்று அதில் சிக்க நூற்றில் ஒரு வாய்ப்புதான்.

விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்தவர்களும் 1960-களில் இதே மாதிரிச் சிக்கலில்தான் மாட்டினார்கள். தயாரான உணவை மட்டும் சோதித்து உறுதி செய்வதென்றால் தயாரித்ததில் பெரும்பகுதி சோதனைக்கே போய்விடும். அதனால் பில்ஸ்பரி நிறுவனம், நாசா, அமெரிக்க ராணுவ ஆய்வகம் மூன்றும் சேர்ந்து வேறு வழி பார்த்தன. ஆபத்து எந்தப் படியில் நுழைகிறது, எந்தப் படியில் அதைத் தடுக்க முடியும் என்று பார்த்து அங்கே காவல் போடுவதுதான் அந்த வழி. ஹாசப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முறை அதுதான். 'ஆபத்துப் பகுப்பாய்வும் முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளும்' என்பது அதன் முழுப் பெயர்.

எது காவல், எது சுத்தம்?

ஒரு நாளைக்கு 200 கிலோ பருப்பை மிட்டாயாக்கும் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காய் வாங்குவது, உடைப்பது, இருப்பு வைப்பது, வறுப்பது, தோல் நீக்கி இரண்டாகப் பிளப்பது, சொத்தை பொறுக்குவது, வெல்லப்பாகில் கலந்து தட்டுவது, பொட்டலம் கட்டுவது என்று வேலை போகிறது. பல கூடங்களில் இத்தனைக்கும் ஆளுக்கொரு பலகை மாட்டி, பதினைந்து கட்டுப்பாட்டுப் புள்ளி இருப்பதாக எழுதி வைத்துவிடுகிறார்கள். பதினைந்தையும் யாரும் பார்க்க மாட்டார்கள், கடைசியில் எதுவும் நடக்காது.

கேட்க வேண்டியது ஒன்றுதான். இந்தப் படியில் தவறினால், பின்னால் வரும் ஏதாவது ஒரு படி அதைச் சரிசெய்யுமா? சரிசெய்யும் என்றால் இது முக்கியப் புள்ளி அல்ல. தரை கழுவுவதும், தலைக்கு உறை போடுவதும், எலி வராமல் பார்ப்பதும் கட்டாயம் செய்ய வேண்டியவைதான். ஆனால் அவை அடிப்படைச் சுத்தம். அஃப்ளாடாக்ஸினுக்கு இந்தக் கூடத்தில் காவல் போட வேண்டிய இடம் இரண்டு. ஒன்று காய் உள்ளே வரும் வாசல், மற்றொன்று பொறுக்கும் மேசை.

வறுவல் டிரம்மை ஏன் விட்டோம் என்று கேட்கலாம். வறுக்கும் சூட்டில் பூஞ்சணம் செத்துப்போகும், ஆனால் அது விட்டுச்சென்ற நஞ்சு முழுதாக அழியாது. ஓரளவு குறையும், அதை நம்பக் கூடாது. வறுப்பது சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்குத்தான் காவல். அதற்கான சூடும் நேரமும் டிரம்முக்கு டிரம் மாறும் என்பதால், வெப்பமானி வைத்துப் பார்த்துத்தான் அவரவர் வரம்பைக் குறிக்க வேண்டும். பச்சைப் பருப்பைத் தொட்ட கையும் முறமும் வறுத்த பருப்புப் பக்கம் வரவே கூடாது. 2008-09-ல் அமெரிக்காவில் ஒரு கடலை ஆலையின் சரக்கில் சால்மோனெல்லா இருந்து 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 9 பேர் இறந்தார்கள்.

வாசலில் 8 சதவீதம்

பூஞ்சணம் வயலிலேயே ஏறிவிடலாம். அறுவடைக்கு முந்தைய சில வாரங்கள் மண் காய்ந்து சூடேறினால், கரையான் கடித்த காய் வழியாக அது உள்ளே போகும். மானாவாரி மல்லாட்டையை வடகிழக்குப் பருவமழை நேரத்தில் பிடுங்கி, களத்தில் சரியாகக் காயவிடாமல் குவித்தாலும் ஏறும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் தார்ப்பாய்க்குள் கிடக்கும் குவியல் உள்ளுக்குள் புழுங்கும்.

மனிதர் கையால் சேரும் ஈரமும் உண்டு. மிஷினில் பருப்பு நொறுங்காமல் இருக்க, உடைக்கும் முன் காயில் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உடனே திரும்பக் காயவைத்தால் பரவாயில்லை. அப்படியே சாக்கில் கட்டினால் பூஞ்சணத்துக்கு விருந்து வைத்த மாதிரிதான்.

எனவே வாசலில் வரம்பு: பருப்பு என்றால் 8 சதவீத ஈரம், காயாக என்றால் 10 சதவீதம். அதற்கு மேல் போனால் இருப்பு அறைக்குள் விடுவதில்லை. குலுக்கிப் பார்க்கும் காதுக்கு 8-க்கும் 10-க்கும் வித்தியாசம் தெரியாது. கடலைக்கு அளவு வைத்த ஈரப்பத மீட்டர் வேண்டும். ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி மூன்று இடத்தில் குத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். ஈரச் சரக்கு நடுவில்தான் ஒளிந்திருக்கும்.

ஆனால் காயவைத்தால் எடை குறையுமே, விவசாயி ஏன் காயவைப்பார்? 12 சதவீத ஈரமுள்ள 100 கிலோ பருப்பை 8 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் சுமார் 95.65 கிலோ நிற்கும். கிலோ 120 ரூபாய் என்று வைத்தால் விவசாயிக்கு 522 ரூபாய் இழப்பு. அதாவது காய்ந்த பருப்புக்குக் கிலோவுக்கு ஐந்தரை ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் கூடத்துக்கும் நட்டமில்லை, விவசாயிக்கும் நட்டமில்லை. தண்ணீருக்குக் கொடுத்த காசைப் பருப்புக்குக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தக் கூடுதல் விலையை முன்கூட்டியே சொல்லாத கூடம், வாசலில் எத்தனை மீட்டர் வைத்தாலும் ஈரச் சரக்கோடுதான் மல்லுக்கட்டும்.

காய்ந்த சரக்கை வெறும் சிமென்ட் தரையில் அடுக்கினால் மழைக்காலத்தில் ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மரச் சட்டத்தின் மேல், சுவரை விட்டுத் தள்ளி வைத்து, வறுக்க எடுக்கும் அன்று மறுபடி ஒருமுறை மீட்டர் போட வேண்டும்.

பொறுக்கும் மேசை

நஞ்சு ஒரு சில பருப்பில் குவிந்திருப்பது சோதனைக்குத் தொல்லை, பொறுக்குவதற்கு வசதி. சுருங்கியது, கருத்தது, நிறம் மாறியது, பூச்சி கடித்தது ஆகியவற்றில்தான் பெரும்பகுதி நஞ்சு இருக்கும். அவற்றை எடுத்துவிட்டால் மூட்டையின் அளவு வெகுவாக இறங்கிவிடும். எல்லாம் போய்விடும் என்று சொல்ல முடியாது. நஞ்சிருந்தும் பார்க்க நன்றாகத் தெரியும் பருப்பும் உண்டு. அதனால்தான் வாசல் காவல் தேவைப்படுகிறது.

தோல் இருக்கும்போது பொறுக்கினால் பாதி தப்பிவிடும். வறுத்துத் தோல் நீக்கிய பிறகு கெட்ட பருப்பு தனியாகக் கருத்து நிற்கும். மிட்டாய்க்குப் பருப்பை எப்படியும் இரண்டாகப் பிளக்கிறோம். வெளியே பளபளவென்று இருந்து, பருப்புகளுக்கு நடுவே சாம்பல் பூத்திருப்பது அப்போதுதான் தெரியும். மேசையில் ஒரே அடுக்காகப் பரப்பி, மேலே வெள்ளை விளக்கு போட்டு, கண் சோர்வதற்குள் ஆள் மாற்றிப் பொறுக்க வேண்டும்.

வரம்பு இப்படி இருக்கட்டும்: பொறுக்கி முடித்ததில் மணிக்கு ஒரு தடவை ஒரு கிலோ எடுத்து வேறொருவர் பார்க்கிறார். கருத்ததோ பூஞ்சணம் பூத்ததோ ஒன்றுகூட இருக்கக் கூடாது. 11 மணிக்குப் பார்த்தபோது சுத்தம், 12 மணிக்கு இரண்டு சொத்தை என்றால், 11 மணிக்குப் பிறகு பொறுக்கியது மொத்தமும் மேசைக்குத் திரும்ப வேண்டும். அந்த இரண்டை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மேலே போவதுதான் வழக்கமான தவறு.

இதை எழுதி வைக்க ஒரு நோட்டு போதும். தேதி, யார் சரக்கு, மீட்டர் காட்டிய அளவு, என்ன செய்தோம், கையெழுத்து. '9.4, களத்துக்கு அனுப்பியது, மறுநாள் 7.6, ஏற்றது' என்று ஒரு வரி இருந்தால் அந்த நோட்டை நம்பலாம். மாதம் முழுக்க 7.5 என்றே ஒரே பேனாவில் எழுதியிருந்தால் மீட்டர் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை என்று அர்த்தம். ஆய்வகச் சோதனையையும் விட்டுவிடக் கூடாது. பல மூட்டைகளிலிருந்து சேர்த்த 5 கிலோவுக்குக் குறையாத பருப்பை மொத்தமாக அரைத்து, கலந்து, அதிலிருந்து எடுத்து அனுப்ப வேண்டும். வரம்பைத் தாண்டினால், நோட்டைப் பார்த்து எந்தக் காவல் தூங்கியது என்று கண்டுபிடிக்கலாம்.

பொறுக்கிய சொத்தை எங்கே போகிறது?

பல கூடங்களில் சொத்தைப் பருப்பைச் சாக்கில் கட்டிச் செக்குக்கு விற்றுவிடுகிறார்கள். மூட்டையின் நஞ்சையெல்லாம் ஒரு சாக்கில் சேர்த்துக் கொடுக்கிற வேலை இது. ஆட்டும்போது நஞ்சில் ஒரு பங்கு எண்ணெயில் இறங்கும். செக்கு எண்ணெயை யாரும் சுத்திகரிப்பதில்லை. பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கும். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் நஞ்சுள்ள புண்ணாக்கை ஒரு மாடு நாளைக்கு 2 கிலோ தின்றால் 400 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. அதில் நூற்றில் இரண்டு பங்கு பாலில் வந்தாலும் 8 மைக்ரோகிராம். 8 லிட்டர் கறக்கும் மாடென்றால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். பாலுக்குச் சட்டம் அனுமதிப்பது 0.5.

ஆகவே சொத்தைக்குத் தனி நிறத்தில் மூடி போட்ட வாளி, அன்றன்றைக்கு எடை, நோட்டில் ஒரு வரி. கோழிக்கும் மாட்டுக்கும் போடாமல், மல்லாட்டை போடும் கொல்லையில் கொட்டாமல், அடுப்பில் எரித்துவிட வேண்டும். செக்குக்காரர் வந்து கேட்டாலும் விலை பேசக் கூடாது.