காணாமல் போனது யார்?

“காணாமல் போன ஆசிரியரின் பைக் கிடைத்தது.” தொலைந்தது பைக்தான். ஆனால் படிப்பவர் ஆசிரியரைத் தேடத் தொடங்குவார். ‘போன’ போன்ற பெயரெச்சத்தை அடுத்து வரும் முதல் பெயரோடுதான் நம் மனம் முதலில் சேர்க்கிறது.

எழுதியதும் எச்சத்தில் நிறுத்தி, “யார்? எது?” என்று கேளுங்கள். அடுத்த சொல் தவறான விடை தந்தால் எச்சத்தை நகர்த்துங்கள்: “ஆசிரியரின் காணாமல் போன பைக் கிடைத்தது.” காற்புள்ளியும் உதவும், ஆனால் செய்தியை வாசிக்கும்போது அது காதில் விழாமல் போகலாம்.

காலச்சொல்லும் இப்படித்தான். “நேற்று இறந்தவரின் உடல் மீட்கப்பட்டது” என்றால் இறந்தது நேற்றா, மீட்டது நேற்றா? மீட்டதுதான் என்றால், “இறந்தவரின் உடல் நேற்று மீட்கப்பட்டது” என்று வினைக்கு அருகில் வையுங்கள். இறந்தது நேற்று என்றால் இரண்டு வாக்கியமாகப் பிரிப்பதே நல்லது.